ஸ்க்ரப் டைபஸ்: உண்ணிக் காய்ச்சலா, புதர்க் காய்ச்சலா?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் செய்திகளில் இந்த வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல்’. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘டைபாய்டின் ஒரு வகை’ என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. படிப்பவரைத் தவறான இடத்தில் தேடவைக்கிற தப்பு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் வேர். டைபஸ் கிரேக்கச் சொல், புகை அல்லது மூட்டம் என்று பொருள். காய்ச்சல் முற்றும்போது நோயாளியின் புத்தி மங்கிப்போவதால் அந்தப் பெயர். டைபாய்டு என்றால் ‘டைபஸ் போன்றது’. இரண்டும் வேறு வேறு நோய் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துவிட்டார்கள், பெயரில் மட்டும் சாயல் தங்கிவிட்டது. ஸ்க்ரப் என்பது புதர் மண்டிய நிலம். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அதில் பின்பாதி ஜப்பானிய மொழி, ‘நோய் தரும் பூச்சி’ என்று சொல்லலாம்.

சரி, உண்ணிக்கு வருவோம். நம் ஊரில் உண்ணி என்றால் எது? மாட்டின் மடியிலும் நாயின் காது மடலிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துக் குடித்துக் கொட்டைமுத்து போல உப்பிக் கிடக்கிறதே, அது. கண்ணுக்குத் தெரியும், பிடித்து இழுத்தால் கையோடு வரும். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது அது இல்லை. மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் ஆறுகால் குஞ்சுதான் பரப்புகிறது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அது ரத்தமும் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சிவிட்டு, சில நாளில் தானாகவே விழுந்துவிடும். கடித்தபோது வலிக்காது. வழக்கமாக எலி, பெருச்சாளி, மூஞ்சூறு மேல்தான் ஏறும். களை வெட்டும்போதோ புல்லில் உட்காரும்போதோ நாம் குறுக்கே போய்விடுகிறோம், அவ்வளவுதான். வளர்ந்தபின் அது யாரையும் கடிப்பதே இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்காக எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் சித்தி, காப்பித் தோட்டத்தை ஒட்டிய கொல்லையில் அவரை போடலாம் என்று மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்கினார். (அந்தச் செடியின் பெயரில் இருக்கும் உண்ணிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, அதையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு.) பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று வீட்டில் ஒருவருக்குச் சந்தேகமும் வந்தது. உடனே நாயைப் பிடித்துப் பார்த்தார்கள். நாய் மேல் உண்ணி இல்லை, சித்தி மேலும் இல்லை. அப்போ அது இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சரியான சந்தேகத்தை அந்தப் பெயரே அணைத்துவிட்டது.

அப்புறம் பக்கத்தில் ஒரு கிளினிக். டெங்கு இல்லை என்று வந்தது, ஆனால் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ஸ்க்ரப் டைபஸிலும் தட்டணு குறையும். டைபாய்டுக்கான வைடால் சோதனை லேசாகப் பாசிட்டிவ் காட்டவும், டைபாய்டு என்று செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். டைபஸையும் டைபாய்டையும் ஒரே குடும்பமாக எழுதக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். டைபாய்டுக்குக் கேட்கும் அந்த ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாது. கிருமி நம் ரத்தக்குழாய்ச் சுவரின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவது, அதன் உறையும் அந்த மருந்து தாக்கும் வகை இல்லை. ஆறாம் நாள் காய்ச்சல் அப்படியே இருக்க, இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது.

சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு மருத்துவர் சேலைக் கட்டைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தபோது, பாவாடை நாடா இறுகும் இடத்தில் இருந்தது அது: நடுவில் கருத்துக் காய்ந்த பக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், பீடி நெருப்புச் சுட்டதுபோல. தொட்டால் வலி இல்லை, அரிப்பும் இல்லை. அதே பக்கம் தொடை இடுக்கில் நெறிகட்டி இருந்தது. சித்திக்கு அந்தப் பக்கு இருப்பது தெரியும், உண்ணிச்செடி முள் கீறியது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது.

காத்திருக்காததுதான் முக்கியம். இதற்கான ஐஜிஎம் சோதனை முதல் நாலைந்து நாளில் நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும், உடம்பு எதிர்ப்புப்பொருள் உண்டாக்க அவ்வளவு நாள் ஆகும். முதல் வாரத்தில் பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம், அதோடு முடிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். எதுவும் மருத்துவர் பார்த்துத்தான். இரண்டாம் வாரம் ஆகிவிட்டால் ரத்தக்குழாய்களின் வீக்கம் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி, மலிவான மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டியது வென்டிலேட்டர் வரை போய்விடுகிறது.

ஆக, என்ன பெயர் வைப்பது? உண்ணிக் காய்ச்சல் என்ற பெயருக்கு உரிமைக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: நிஜ உண்ணி பரப்பும் டைபஸ் ஒன்று இந்தியாவிலேயே உண்டு, கர்நாடகத்துக் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான். தெள்ளுக் காய்ச்சல் என்பாரும் உண்டு, தெள்ளு பரப்புவது வேறு டைபஸ். ஒட்டுண்ணிக் காய்ச்சல் என்றால் மலேரியாவும் அதில் அடங்கிவிடும். சிற்றுண்ணிக் காய்ச்சல் சரிதான், ஆனால் கேட்பவர் காதில் ‘சிற்று’ விழாது, ‘உண்ணி’ மட்டும் விழும். ‘பக்குக் காய்ச்சல்’ என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஆனால் எல்லோருக்கும் பக்கு வருவதில்லை. அக்குள், மார்புக்கு அடியில், விரைப்பை போன்ற ஈரமான மடிப்புகளில் கருக்காமல் வெறும் புண்ணாகவும் இருக்கும். பக்கு இல்லையே என்று யாரும் நின்றுவிடக் கூடாது.

அதனால் நான் புதர்க் காய்ச்சல் என்கிறேன். மூலப் பெயரின் பொருளும் அதுதான், ‘போன ரெண்டு வாரத்தில் எங்கே களை வெட்டினாய்?’ என்று மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. புதர் என்றால் காடு என்று நினைத்துவிடுவார்களே என்பது நியாயமான ஆட்சேபம். வரப்பு, வாய்க்கால் கரை, எஸ்டேட் ஓரம், வீட்டுக் கொல்லை எல்லாமே இதில் சேரும் என்று உடன் ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் புண்ணுக்கு ‘எஸ்கார்’ என்று எழுதி விட்டுவிடாமல் கரும்பக்கு என்று எழுதுங்கள், மூட்டுத் தைலம் விற்கும் கிழவிக்கும் புரியும். மருத்துவச் சீட்டிலும் சோதனை முடிவிலும் ஸ்க்ரப் டைபஸ் என்றுதான் இருக்கும் என்பதால் அந்தப் பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ‘உண்ணி’யை மட்டும் எடுத்துவிடுங்கள்.