"உங்க ஆளுங்க இதை எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டால் என்ன கிடைக்கும்?

பேச்சு வழக்கு ஆய்வுக்காக ஊருக்குப் போய்வரும் மாணவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. பல வருஷமாகக் கேட்கிறேன். ஒரு பதிவு கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நடந்துவிடுகிறது.

ஒரு பதிவில், ஓய்வுபெற்ற பிராமண ஆசிரியை ஒருவரிடம் மாணவர் "உங்க பாஷையில கொஞ்சம் பேசுங்க மாமி" என்று கேட்கிறார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே "வாங்கோ, நன்னா இருக்கேளா, ஜலம் குடிக்கறேளா" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் அருமையாக நடித்துக் கொடுத்தார். ஆமாம், நடிப்புதான். ஏனென்றால் ரெக்கார்டரை அணைக்க மறந்துபோனதால் பதிவு இன்னும் ஓடுகிறது. வாசலில் காய்க்காரர் வந்ததும் "கத்தரிக்கா எவ்ளோப்பா, நேத்து குடுத்தது சொத்தை" என்கிறார், மகனிடமிருந்து போன் வந்ததும் "தண்ணி வந்துதா, மோட்டார் போட்டியா" என்கிறார். ஜலம் போன இடம் தெரியவில்லை. மாணவரோ முதல் பத்து நிமிஷத்தை எழுத்தாக்கி, மேலே சாதிப் பெயரைத் தலைப்பாகப் போட்டுக் கொண்டுவந்தார். மீதியை "பொருத்தமற்றது" என்று ஒதுக்கிவிட்டார்.

'ஜலம்', 'நன்னா' எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் அவையும் புழங்கலாம். ஆனால் எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் இல்லை. சினிமாவும் டிவியும் பழக்கிவைத்திருக்கும் ஓர் உருவத்தைக் கேட்டோம், அவரும் அதையே எடுத்துக் கொடுத்தார். சமூகத்தைச் சொல்லிக் கேட்டால், கேட்டவர் எதிர்பார்ப்பதுதான் பதிலாக வரும்.

இதனால் என் மாணவர்களிடம் நான் வைத்திருக்கும் வழி இதுதான். சமூகத்தைப் பற்றி முதலில் வாயே திறக்கக்கூடாது. சின்ன வயசில் கிணற்றில் விழுந்தது, புயல் அடித்தது, தேரோட்டம், பொண்ணு பார்க்க வந்தது என்று அவருக்கே சொல்ல ஆசை வருகிற கதையைக் கேளுங்கள். முடிந்தால் தனியாக வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரோடு உட்காரவையுங்கள், ஒருவரையொருவர் மறுத்துப் பேசும்போது மைக் மறந்துபோகும். ஆரம்பத்தில் வரும் கால்மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொல் பட்டியல் கடைசியில்தான், அதுவும் படத்தைக் காட்டி "இதை என்னன்னு சொல்வீங்க" என்று. சாதி, சமூகம் எல்லாம் பேச்சு முடிந்த பிறகு, அவர் விரும்பினால், அவர் சொல்லும் பெயரிலேயே. கேட்பவர் யார் என்பதும் பேச்சை மாற்றும், அதனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யாரைத் தேர்ந்தெடுப்பது. ஒரு சாதிக்கு ஓர் ஆள் என்று பிடித்து, "இந்தச் சாதியில் இப்படி, அந்தச் சாதியில் அப்படி" என்று எழுதுவது ரொம்ப சுலபம். இதில் எங்கே சறுக்குகிறோம் என்று காட்ட ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். பழம், மழை, வழி போன்ற சொற்களில் ழகரம் வருகிறதா, ளகரம் வருகிறதா என்று பார்க்கிறோம். ஊரில் இரண்டு சமூகம், தலா 20 பேர். முதல் சமூகத்தில் 13 பேர் ழகரம் சொல்கிறார்கள், இரண்டாவதில் 7 பேர்தான். உடனே "சாதி வித்தியாசம்" என்று எழுதத் தோன்றும். சரி, படிப்பையும் கேட்டுப் பார்ப்போம். முதல் சமூகத்தில் 15 பேர் பத்தாவதைத் தாண்டியவர்கள், 5 பேர் தாண்டாதவர்கள். இரண்டாவதில் தலைகீழ், 5 பேர் தாண்டியவர்கள், 15 பேர் தாண்டாதவர்கள். படித்தவர்களில் முதல் சமூகத்தில் 15-க்கு 12, இரண்டாவதில் 5-க்கு 4, அதாவது இரண்டு பக்கமும் ஐந்தில் நாலு. படிக்காதவர்களில் 5-க்கு 1, 15-க்கு 3, அங்கேயும் இரண்டு பக்கமும் ஐந்தில் ஒன்று. சாதி என்று நாம் பார்த்தது பள்ளிக்கூடத்தை. பள்ளிக்கூடம் ஏன் ஒரு தெருவுக்கு முந்தி, இன்னொரு தெருவுக்குப் பிந்தி வந்தது என்பதில் சாதி இருக்கிறது, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அது நாக்கில் இல்லை.

அதனால் ஒவ்வொரு சமூகத்திலும் வயசானவர், இளையவர், ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சிலராவது இருக்க வேண்டும். கட்டம் நிரம்பவில்லையா, அந்த ஒப்பீட்டைச் செய்யாதீர்கள். எண்ணும்போது சொல்வாரியாக எண்ணுங்கள். 'தமிழ்' என்ற சொல்லைச் சொல்லும்போது பலர் ழகரத்தைக் கவனமாகவே எடுப்பார்கள், அதை 'கீழ', 'வாழைப்பழம்' கூடச் சேர்த்தால் கணக்கு கலங்கிவிடும்.

படிப்பு, வயசு எல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சுவது உண்டு, உறவுமுறைப் பெயர்களில் முக்கியமாக. அப்போதும் காரணத்தைப் பழக்கத்தில்தான் தேட வேண்டும். மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் தில்லிக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்தை ஆராய்ந்து 1958-ல் எழுதியதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது இது: நாள் முழுக்க ஒரே வயலில் வேலை செய்பவர்களிடமும் பேச்சு வித்தியாசம் நீடித்தது. வேலைக்காகப் பேசுவதைவிட, யாரோடு சமமாக உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறோம் என்பதுதான் பேச்சை ஒன்றாக்கியது. ஆகவே "சாதி என்ன" என்பதோடு "சாயங்காலம் யாரோடு உட்காருவீங்க" என்றும் கேளுங்கள்.

இனி எழுத்து. இங்கேதான் நல்ல ஆய்வாளரும் வழுக்குகிறார். ஒரே குறிப்பேட்டில் தலைமை ஆசிரியர் "வருகிறார்கள்" என்கிறார், கூலித் தொழிலாளி "வர்றாங்க" என்கிறார். பதிவைக் கேட்டால் இரண்டு பேருமே "வர்றாங்க"தான். எழுதியவரின் கை ஒருவரைத் திருத்தியிருக்கிறது, இன்னொருவரை அப்படியே விட்டிருக்கிறது. நானும் என் முதல் களப்பணியில் இதைச் செய்திருக்கிறேன், அதுவும் பக்கம் பக்கமாக. இப்போது எழுத்தாக்குபவரிடம் பேச்சாளர் யார் என்று சொல்லாமல் ஒலியை மட்டும் கொடுக்கிறேன், விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

'சிதைவு', 'கொச்சை' போன்ற சொற்களும் இப்படித்தான் ஒரு பக்கமாகவே விழும். தெற்கே பல சமூகத்தாரும் 'வாளப்பளம்' என்கிறார்கள், ஆனால் 'ழகரம் வராது' என்ற குறிப்பு சில தெருக்காரர்களுக்கு மட்டும் எழுதப்படுகிறது. அவர்களில் பலர் பத்திரிகையை உரக்க வாசிக்கச் சொன்னால் ழகரத்தைச் சரியாகவே உச்சரிப்பார்கள். அப்புறம் வராது என்று எப்படி எழுதுவது? 'இச்சாதியினர் இவ்வாறு கூறுவர்' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'இந்த ஊரில் பதிவு செய்த 20 பேரில் 7 பேர் பெரும்பாலும் இப்படிச் சொன்னார்கள், 3 பேர் இரண்டையும் கலந்து சொன்னார்கள்' என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. ஊர்ப் பெயர், சமூகம், வயசு, தொழில் நாலையும் சேர்த்துப் போட்டால் பெயரே வேண்டாம். முடிதிருத்துபவர் வீடு ஒன்றே ஒன்று இருக்கும் ஊரில் "62 வயது, முடிதிருத்துபவர்" என்பது அவரது முகவரி. அப்படி ஒருவரிடம் ஊர்ப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன். "ஏன் தம்பி, நான் சொன்னது நல்லாத்தானே இருக்கு, போடு" என்றார். ஆனால் அவர் சொன்ன கதையில் பக்கத்துத் தெருப் பெரியவரின் பழைய சண்டை ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னதும் கொஞ்சநேரம் யோசித்து, "அப்ப ஊரை எடுத்துரு, கதை அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தோம்.