எட்டுக்கு மூன்று அடி பனரில் ஒரு புள்ளி எவ்வளவு பெரிது?

சுன்னாகப் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, நான் அனுப்பிய பனர் மாதிரியைப் பார்த்துவிட்டு இரவு இப்படி எழுதியிருந்தார்:

"தம்பி, படம் பாத்தன். நல்லாக் கிடக்கு. ஆனா நாலு வேலை இருக்கு. படம் இன்னும் கிளியரா வேணும். கடைப்பேரின்ர சிவப்பு எழுத்து ஓரம் கசிஞ்ச மாதிரி இருக்கு, அதைச் சரியாக்குங்கோ. மேல பெயர்ப்பலகையும் கீழ படியும் ரெண்டும் வரவேணும், ஆனா ஆக்களை இழுத்துக் குண்டாக்க வேண்டாம். மேலால போற கரண்ட் கம்பியை எடுத்துவிடுங்கோ. பனர் எட்டுக்கு மூண்டு அடி."

எனக்கு வருகிற செய்திகளில் இது நல்ல செய்தி. "ஏதோ குறையுது தம்பி" என்று மட்டும் எழுதுபவர்களே அதிகம். ஆனால் 'கிளியர்' என்ற சொல்லில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

பனரில் போடச் சொல்லி அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கடைப் படம் 1600 பிக்சல் அகலம், 1200 பிக்சல் உயரம். எட்டு அடி என்றால் ஏறத்தாழ 2440 மில்லிமீற்றர். அந்த அகலம் முழுவதற்கும் 1600 புள்ளிகளைப் பரப்பினால் ஒரு புள்ளி ஒன்றரை மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு கடுகளவு. அது கண்ணுக்குத் தெரியுமா என்பது நிற்கிற தூரத்தைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். ஒரு மீற்றர் தூரத்தில் அது சுமார் 0.3 மில்லிமீற்றர், மூன்று மீற்றரில் 0.9. கடுகுப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மறைய ஐந்து மீற்றருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நிற்க வேண்டும்.

அதனால் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, பனரை எங்க கட்டப்போறியள்?" கடை வாசலுக்கு மேலே, சனம் மூன்று மீற்றரில் நின்று பார்க்கும் என்றார். அப்படியென்றால் இந்தப் படம் போதாது. கூர்மையாக்கும் கருவியை ஓட்டலாம்தான். அது இருண்ட ஓரத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்ச ஓரத்தை இன்னும் வெளிச்சமாக்கும். இல்லாத விவரத்தை அது கொண்டுவராது. அளவு மீறினால் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

சிவப்பு எழுத்து கசிந்ததற்குக் காரணம் வேறு. JPEG படத்தில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. நிற வேறுபாட்டை நம் கண் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. அதனால் கோப்பைச் சுருக்கும்போது பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தை வைத்துவிடுவார்கள். முகத்திலோ சுவரிலோ இது தெரியாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து என்றால், ஓரத்துப் புள்ளிகள் இரண்டு நிறத்தின் சராசரியை எடுத்துக்கொண்டு மங்கிவிடும். அதைத் துடைத்துச் சரியாக்க முடியாது. எழுத்தின் மேல் புதிதாக எழுத்து வரைவதுதான் வழி. அப்படி வரைந்த எழுத்து எந்த அளவிலும் கூராக இருக்கும்.

மூன்றாவது கோரிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படத்தின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. பனர் எட்டுக்கு மூன்று. அகலத்தை நிரப்பினால் உயரத்தில் பாதியை வெட்ட வேண்டும்: பலகை போகும், இல்லாவிட்டால் படி போகும். வெட்டாமல் இழுத்தால் ஆட்கள் இரண்டு மடங்கு அகலமாவார்கள். மிஞ்சுவது ஒரே வழி. படத்தை முழுதாக நாலு அடி அகலத்தில் வைத்து, மற்ற நாலு அடியைக் கடைப்பெயருக்கும் போன் நம்பருக்கும் விடுவது. அப்படிச் செய்தால் புள்ளியும் பாதியாகிறது, 0.76 மில்லிமீற்றர். அது சுமார் 2.6 மீற்றரிலேயே மறைந்துவிடும். அவர் மூன்றாவதாகக் கேட்டது முதலாவதையும் தீர்த்துவிட்டது.

கம்பி சின்ன வேலை. வானத்துக்கு முன்னால் போகிற பகுதியைப் பக்கத்து வான நிறத்தால் மூடினால் முடிந்தது. ஓட்டுக் கூரைக்கு மேலால் போகிற இடத்தில்தான் ஓடு ஓடாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

எதற்கும் மூலப் படம் இருந்தால் நல்லது என்று, Document ஆக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்காது. அனுப்பினார். திறந்தால் அதே 1600. கோப்பின் பெயரைப் பார்த்தேன், நடுவில் WA என்று இருந்தது. வட்ஸ்அப்பில் வந்து இறங்கிய படத்துக்கு வருகிற பெயர் அது. படம் எடுத்தது அவருடைய மகன். அப்பாவுக்கு அனுப்பும்போதே சுருங்கிவிட்டது.

மகனிடமிருந்து நேரே வந்தது 4000 பிக்சல் அகலம். நாலு அடியில் ஒரு புள்ளி 0.3 மில்லிமீற்றர். இனிச் சனம் ஏணி வைத்து ஒரு மீற்றர் கிட்டப் போய்ப் பார்த்தாலும் பரவாயில்லை.