அமார்டைசேஷன்: தவணைப் போக்கெழுதல்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவர்கள் பேச்சில் இந்தச் சொல் அப்படியே புழங்குகிறது. "சாஃப்ட்வேரை கேப்பிடலைஸ் பண்ணி, நாலு வருஷத்துக்கு அமார்டைஸ் பண்ணுங்க" என்பார் ஆடிட்டர். அதாவது, அதன் செலவைச் சொத்தாக ஏட்டில் ஏற்றி, நாலு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவெழுதச் சொல்கிறார். கேட்கும் முதலாளிக்குத் தேய்மானம் தெரியும், அமார்டைசேஷன் தெரியாது. அதனால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். செலவை ஆண்டுகளுக்குப் பங்கிடும் வேலையில் இரண்டும் ஒன்றுதான். பங்கிடப்படும் தொகை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு, தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

இச்சொல்லின் வேர் லத்தீன். சாவைக் குறிக்கும் 'மோர்ஸ்' என்ற சொல்லிலிருந்து 'சாகடித்தல், ஓயச் செய்தல்' என்ற பொருளில் பழைய பிரெஞ்சில் 'அமோர்த்தீர்' உருவாகி, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அப்போது அதற்கு நிலத்தை மடத்துக்கோ தேவாலயத்துக்கோ நிரந்தரமாக எழுதிக்கொடுப்பது என்று பொருள். அப்படிப் போன நிலம் மறுபடி கைமாறாது, அதைச் செத்த கைக்குப் போனது என்றார்கள். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து இல்லாமல் செய்வது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அங்கிருந்து, ஏட்டில் நிற்கும் ஒரு தொகையை ஆண்டுதோறும் குறைத்துச் சுழியமாக்குவதையும் அது குறிக்கத் தொடங்கியது.

தமிழில் 'தேய்மானம்' என்பது தேய் என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல். எடைமேடையும் பாய்லரும் தேய்கின்றன. மென்பொருள் தேய்வதில்லை. நான்காம் ஆண்டிலும் அது முதல் நாள் போலவே கூட்டும், கழிக்கும். அதைச் சுற்றியுள்ளவை மாறுவதால்தான் அதன் பயன் தீர்கிறது. பள்ளிப் பாடநூல்கள் ஏட்டிலிருந்து தொகையை நீக்குவதைப் 'போக்கெழுதுதல்' என்கின்றன. ஆனால் வாராக்கடனை ஒரே மூச்சில் நீக்குவதற்கும் அதே சொல்தான். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு நீக்குவதைத் 'தவணைப் போக்கெழுதல்' என்றும், ஒரேயடியாக நீக்குவதை 'முழுப் போக்கெழுதல்' என்றும் பிரித்துச் சொல்வது தெளிவு. தொட்டுப் பார்க்க முடியாத சொத்துக்குப் 'புலனாகாச் சொத்து' என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

இவற்றைவிட முக்கியமான சொல் 'டெவலப்மெண்ட் காஸ்ட்'. இதைப் பலர் 'வளர்ச்சிச் செலவு' என்றோ 'மேம்பாட்டுச் செலவு' என்றோ எழுதுகிறார்கள். இரண்டும் தவறான திசையைக் காட்டுகின்றன. இருக்கும் மென்பொருளைச் செப்பனிடுவதுதான் மேம்பாடு என்று தோன்றும், ஆனால் அந்தச் செலவு பெரும்பாலும் சொத்தாகவே ஆகாது. இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்து முடிக்கும் கட்டத்தின் செலவுதான் இங்கே பேசப்படுவது. அதற்கு 'உருவாக்கச் செலவு' என்பதே சரி. அதற்கு முந்தைய கட்டம் 'ஆய்வுக் கட்டம்'. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தேதி விழுகிறது. அந்தத் தேதிக்கு முன் போன பணம் வருவாயினச் செலவு, அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கிலேயே முடிந்துவிடும். பின் போன பணம் முதலினச் செலவு, சொத்தாக ஏட்டில் ஏறும்.

ஒரு மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்வோம். தனியார் லிமிடெட் கம்பெனி, பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் கணக்குத் தரநிலைகளின் வரம்புக்குள் வராதது. எனவே அதற்குப் புலனாகாச் சொத்துகளுக்கான கணக்குத் தரநிலை 26 பொருந்தும். மே முதல் ஜூலை வரை சீசன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து எடைமேடையில் ஏறும். எந்த விவசாயி, எவ்வளவு எடை, எவ்வளவு கழிவு, அந்தக் காய் எந்த டிரம்மில் கூழாகப் போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கச் சொந்தமாக ஒரு மென்பொருள் செய்ய ஆலை முடிவெடுக்கிறது. மாதம் ஆளுக்கு 50,000 ரூபாய் சம்பளத்தில் 3 நிரலாளர்கள்.

2024 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்கள் எடைமேடையில் நின்று வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கிறார்கள், கடையில் கிடைக்கும் மென்பொருள்களை ஒப்பிடுகிறார்கள், எந்த வழி சரிப்படும் என்று தேடுகிறார்கள். 3 மாதச் சம்பளம் 4,50,000 ரூபாய். இது முழுக்க ஆய்வுக் கட்டம், ஆகவே முழுவதும் அந்த ஆண்டின் செலவு. உழைப்பு வீண் என்பதல்ல இதன் பொருள். இதிலிருந்து ஒரு சொத்து வரும் என்று அந்த நேரத்தில் யாராலும் உறுதி காட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் எடைமேடைக் கருவியிலிருந்து எடையை நேராக எடுத்து ரசீது போடும் ஒரு முன்மாதிரி ஓடுகிறது. செப்டம்பர் 1 அன்று இயக்குநர்கள் திட்டத்தை ஏற்று 15 லட்சம் ஒதுக்கித் தீர்மானம் எழுதுகிறார்கள். தரநிலை கேட்கும் ஆறு நிபந்தனைகளும் அன்றுதான் ஒன்றுசேர்கின்றன. தொழில்நுட்பப்படி முடிக்க முடியும் என்பதை முன்மாதிரி காட்டுகிறது. முடிக்கும் எண்ணமும், பணமும் ஆட்களும் இருப்பதும் தீர்மானத்தில் உள்ளன. பயன்படுத்தும் வல்லமை ஆலையிடமே இருக்கிறது. விவசாயிக் கணக்கை முடிக்கும் வேலை குறையும் என்பது பயனுக்கான சான்று. செலவை நம்பகமாக அளக்க முடியும் என்பது ஆறாவது. ஆறில் ஒன்று குறைந்தாலும் செலவு சொத்தாகாது.

அந்த ஆறாவதில்தான் சிறிய கம்பெனிகள் சறுக்குகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை 7 மாதச் சம்பளம் 10,50,000. அதை அப்படியே சொத்தில் ஏற்றிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் நேரப் பதிவேட்டைப் பார்த்தால், 3 பேரில் ஒருவரின் பாதி நேரம் பழைய பில்லிங் மென்பொருளைச் சரிபார்ப்பதில் போயிருக்கிறது. அந்தப் பாதி, 25,000 வீதம் 7 மாதத்துக்கு 1,75,000, வெளியே போகவேண்டும். மிச்சம் 8,75,000. சோதனைக்கென்றே எடுத்த சர்வர் வாடகையும் வெளியாளுக்குத் திரை வடிவமைப்பதற்குக் கொடுத்த கூலியும் சேர்ந்து 1,25,000. ஆக 10,00,000 ரூபாய். எடைமேடை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த 60,000 இதில் சேராது, பயிற்சிச் செலவைத் தரநிலை வெளிப்படையாக விலக்குகிறது. மேலாளர் சம்பளத்தில் ஒரு பங்கு, அலுவலகப் பொதுச் செலவு ஆகியவையும், இந்த வேலைக்கென்றே ஆனவை என்று காட்ட முடியாவிட்டால் சேரா. நேரப் பதிவேடே இல்லையென்றால், தணிக்கையில் பத்து லட்சமும் கேள்விக்குள்ளாகும். மார்ச் மாதம் உட்கார்ந்து எழுதிய பதிவேட்டை அனுபவமுள்ள கண் உடனே கண்டுபிடித்துவிடும்: எல்லா நாளும் சரியாக 8 மணி நேரம், விடுப்பு எடுத்த நாளிலும் வேலை.

வேலை நடக்கும்போது தொகை 'உருவாக்கத்திலுள்ள புலனாகாச் சொத்து' என்ற கணக்கில் நிற்கும். அதைப் பற்று வைத்து, சம்பளக் கணக்கை வரவு வைக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி இருப்புநிலைக் குறிப்பில் இதற்குத் தனி வரி உண்டு. ஓராண்டுக்குள், 1 முதல் 2 ஆண்டு, 2 முதல் 3 ஆண்டு, அதற்கு மேல் என்று வயது பிரித்தும் காட்டவேண்டும். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் திட்டம் அந்தப் பட்டியலில் ஒளிய முடியாது. போட்ட பணம் திரும்புமா என்று ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மதிப்பிடவும் வேண்டும்.

2025 ஏப்ரல் 1 அன்று சோதனை முடிந்து மென்பொருள் ஆயத்தம். சீசன் மே மாதம்தான் என்பதால் மே முதல் போக்கெழுதலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. பயன்படுத்தத் தயாரான நாளிலிருந்தே தவணை தொடங்குகிறது, முதல் லாரி ஏறிய நாளிலிருந்தல்ல. அதே நாளில் புதுச் செலவுகளைச் சொத்தில் ஏற்றுவதும் நிற்கிறது.

எத்தனை ஆண்டு? 10 ஆண்டுக்கு மேல் போகாது என்று தரநிலை 26 முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. மென்பொருளுக்கு ஆயுள் குறைவு என்றும் சொல்கிறது. இந்த ஆலை 4 ஆண்டு என்று மதிப்பிட்டால், ஆண்டுதோறும் ஒரே அளவு குறைக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 2,50,000. ஆண்டு முடிவில் அதைப் போக்கெழுதல் செலவில் பற்று வைக்கிறார்கள். 2026 மார்ச் 31 அன்று ஏட்டு மதிப்பு 7,50,000. அந்த ஆயுளை ஆண்டுதோறும் மறுபடி பார்க்கவேண்டும். இன்னும் ஓராண்டுதான் ஓடும் என்று அப்போது தெரிந்தால், பழைய ஆண்டைத் திருத்தாமல், மிச்சமுள்ள 7,50,000 முழுவதும் 2026-27இல் போகும். வருமான வரிக் கணக்கு இதோடு ஒட்டாது. அங்கே தேய்மானத்துக்கெனத் தனி விகிதங்கள் உண்டு, அதைத் தனியாகத்தான் போடவேண்டும்.

மென்பொருள் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, "அந்த 4,50,000த்தையும் சொத்தில் சேர்த்துவிடலாமே, அதனால்தானே இது பிறந்தது" என்ற கேள்வி கட்டாயம் வரும். முடியாது. ஒருமுறை செலவாக எழுதியது, பின்னால் எவ்வளவு நன்றாக விளைந்தாலும், சொத்தின் அடக்கவிலையில் சேராது. இந்த விதி கடுமையாகத் தோன்றலாம், ஆனால் இது இல்லையென்றால் லாபம் குறைந்த ஆண்டில் பழைய செலவுகளை உயிர்ப்பித்து லாபம் காட்டும் வழி திறந்துவிடும். தேதியை முன்னே தள்ளி எழுதுவதும் இதே தவறின் இன்னொரு முகம்தான். தீர்மானத்தின் தேதியும் முன்மாதிரி ஓடியதற்கான பதிவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அது வெளிப்படும்.

2025 சீசனில் கழிவு விகிதத்தை மாற்றியது, ரசீதில் வந்த பிழையைத் திருத்தியது ஆகியவை பராமரிப்பு, அந்தந்த ஆண்டின் செலவு. ஒவ்வொரு டிரம்மையும் தோட்டம் வரை பின்தொடரும் புதிய பகுதியைச் சேர்த்தால் கதை வேறு. தொடக்கத்தில் மதிப்பிட்டதைவிடக் கூடுதல் பயன் தரும் என்று காட்ட முடிந்தால், அந்தச் செலவு சொத்தோடு சேரும்.

மாத வாடகைக்கு இணையத்தில் எடுக்கும் மென்பொருளை இதோடு குழப்பக்கூடாது. அங்கே ஆலைக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். மென்பொருள் ஆலையின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே சொத்து பிறப்பதில்லை, வாடகை அந்த மாதச் செலவு. 2027 ஏப்ரலில் ஆலை தன் மென்பொருளைக் கைவிட்டு அப்படியொரு வாடகை ஏற்பாட்டுக்கு மாறினால், 4 ஆண்டுக் கணக்குப்படி ஏட்டில் நிற்கும் 5,00,000த்துக்கு இனி தவணை இல்லை. அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் அது முழுப் போக்கெழுதலாகப் போகும்.