தொடுவானம் பெட்டியைத் தொடக் கூடாது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் என் அத்தை மகன் வரைந்த கருவாட்டு உலர்த்திப் பெட்டி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது: நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 90 சென்டிமீட்டர், மேலே மட்டமான கண்ணாடி மூடி. பணம் போட முன்வந்தவர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. புகைப்படம் போல ஒன்று கேட்டார்கள். இலவச மென்பொருளான பிளெண்டரில் அதை உருவாக்கிக் கொடுத்தேன்.

அளவுகளைச் சரியாகக் கொடுத்தும் முதல் படம் பொம்மையாகத்தான் தெரிந்தது. காரணம், வரைபடம் சொல்லாமல் விடுகிற விஷயங்கள். அதில் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு வெறும் கோடு, அதற்கு வளைவே கிடையாது. உண்மையான தகட்டை மடித்தால் விளிம்பு சற்று உருண்டுவிடும். அந்த உருளலில்தான் வெயில் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். எல்லா விளிம்புகளுக்கும் 1 மில்லிமீட்டர் வளைவு கொடுத்ததும் பெட்டிக்குக் கனம் வந்துவிட்டது.

அடுத்தது கண்ணாடி. நேர் மேலிருந்து பார்த்தால் அதன் மேற்பரப்பு ஒளியில் சுமார் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். செங்குத்திலிருந்து 80 பாகை சாய்ந்து பார்த்தாலோ ஏறத்தாழ 40 சதவீதம். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு மூடியில் கருவாட்டைவிட வானமே அதிகம் தெரியும். மென்பொருள் இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடும், ஆனால் பிரதிபலிக்க ஒரு வானம் வேண்டும். வெற்றுச் சாம்பல் பின்னணியில் மூடி செத்துக் கிடக்கும். அதனால் மண்டபத்தின் வடகடல் கரையில் சுற்றிலும், வெளிச்ச அளவை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, ஒன்றாக்கி, பெட்டியைச் சுற்றிப் போர்த்தினேன்.

பிறகு பெட்டியைக் கரைப் படத்தில் வைத்தேன். அங்கேதான் தவறு நேர்ந்தது. கேமராவைச் சாய்க்காமல் 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தேன். சமதரையில் தொடுவானக் கோடு எந்தப் பொருளையும் கேமராவின் உயரத்திலேயே வெட்டும். நான் வைத்த பெட்டியின் நடுவே கடற்கோடு ஓடியது. அப்படியென்றால் அது 3 மீட்டர் உயரம், உள்ளே ஆளே நிற்கலாம்! பெட்டியின் அடியிலிருந்து தொடுவானம் வரையிலான இடைவெளியில் ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே பெட்டி நிரப்ப வேண்டும். எவ்வளவு தள்ளி வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. கடற்கரைப் படங்களை எவரும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

நிழலுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. சித்திரை பிறக்கும்போது இங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் அடியிலேயே ஒடுங்கி, பெட்டி மிதப்பதுபோல் தெரியும். காலை எட்டு மணி வெயிலில் எடுத்த படம்தான் உதவியது.

இந்தப் படத்தை எல்லா இடத்திலும் காட்டிப் பணம் திரட்டிவிட முடியாது. புதிய திட்டங்களுக்கு இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் 2012 முதல் இத்தகைய படங்களை அனுமதிப்பதில்லை. உருவான மாதிரியையே காட்ட வேண்டும். அது நியாயமான விதி என்றே நினைக்கிறேன். முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த படத்தின் கீழும் ‘கணினியில் உருவாக்கியது, பெட்டி இன்னும் செய்யப்படவில்லை’ என்று எழுதி, பக்கத்திலேயே அளவுகளுடன் மூல வரைபடத்தையும் வைத்தோம்.