யோவான் 3:16-இல் ஒரு நெடில்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சிறிய சொல் 'ஹினா'. ஒரு செயல் எதற்காக நடக்கிறது என்பதைச் சொல்ல வரும் சொல் இது. தமிழில் நாம் 'படி', 'படிக்கு', 'பொருட்டு' என்று சொல்லும் இடம். ஆனால் இரண்டு மொழிகளிலும் அந்த நோக்கம் உட்காரும் இடம் வேறு. தமிழில் 'படி' வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கிரேக்கத்தில் ஹினா வாக்கியப் பகுதியின் தலையில் நிற்கும், பின்னால் வரும் வினையின் உருவத்தையும் மாற்றிவிடும்.

அந்த மாறிய உருவத்துக்கு விழைவு வினை என்று பெயர் வைத்துக்கொள்வோம். 'நடக்கிறது' என்று உறுதியாகச் சொல்லாமல் 'நடக்க வேண்டும்', 'நடக்கலாம்' என்ற நிலையில் வினையை நிறுத்துவது அது. அதன் அடையாளம் பெரும்பாலும் ஒரு உயிரெழுத்து நீள்வதுதான். 'எக்கொமென்' என்றால் 'நமக்கு இருக்கிறது'. 'எக்கோமென்' என்றால் 'நமக்கு இருக்கட்டும்'. ஒ, ஓ என்று குறிலையும் நெடிலையும் தனித்தனியாகக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது எளிது. பழைய படியெடுப்பவர்களுக்கோ, குறிலும் நெடிலும் உச்சரிப்பில் ஒன்றான பிறகு, இங்கேதான் தடுமாற்றம் வந்தது. ரோமர் 5:1-இல் வரும் இதே சொல்லில், சில கையெழுத்துப் பிரதிகளில் குறிலும் சிலவற்றில் நெடிலும் இருக்கின்றன. நம் பழைய தமிழ் வேதாகமத்தின் 'சமாதானம் பெற்றிருக்கிறோம்' குறிலின் பக்கம் நிற்கிறது. அந்த வசனத்தில் ஹினா இல்லை. இருந்திருந்தால் விழைவு வினைதான் வர வேண்டும் என்று அதுவே காட்டிக் கொடுத்திருக்கும்.

சரி, யோவான் 3:16-க்கு வருவோம். தேவன் தம் குமாரனைத் தந்தது, அவரை விசுவாசிக்கிறவனுக்கு என்ன ஆகும்படி என்று சொல்லும் வசனம் அது. அதில் ஹினாவுக்குப் பின் இரண்டு வினைகள் வருகின்றன. முதலாவது, 'மே' என்ற எதிர்மறைச் சொல்லோடு வரும் 'அபொலேத்தய்': அழிந்துபோகாதபடி. இரண்டாவது 'எக்கே': உடையவனாய் இருக்கும்படி. இரண்டுமே விழைவு வினைகள், ஆனால் அடிச்சொல் ஒரே வகை அல்ல. முதலாவது, செயலை ஒரே முழு நிகழ்வாகப் பார்க்கும் வடிவம். அழிவை ஒரே வீழ்ச்சியாகக் காட்டுகிறது. இரண்டாவது, தொடர்ந்து நடப்பதைக் காட்டும் வடிவம். ஜீவனை ஒருமுறை கையில் வாங்குவதைவிட, அதை வைத்திருந்துகொண்டே இருப்பதுதான் அதில் தெரிகிறது.

பழைய மொழிபெயர்ப்பு, 'கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு' என்கிறது. 'கெட்டுப்போகாமல்' அருமையான தேர்வு. 'போ' என்ற துணைவினை அந்த ஒரே வீழ்ச்சியைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. ஆனால் 'அடையும்படிக்கு' என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடைவது ஒரு கணத்தில் முடியும் காரியம். கிரேக்கம் சொல்வது அதற்குப் பிறகான இருப்பை. திருவிவிலியத்தின் 'நிலைவாழ்வு பெறும் பொருட்டு' என்பதிலும் இதே இழப்பு உண்டு.

விடை அதே அதிகாரத்திலேயே இருக்கிறது. 3:36-இல் இதே வினை விழைவாக இல்லாமல் சாதாரண வடிவில், 'எக்கெய்' என்று வருகிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பு 'நித்தியஜீவனை உடையவனாயிருக்கிறான்' என்று சரியாக எழுதியிருக்கிறது. அப்படியானால் 16-ஆம் வசனத்தில் 'உடையவனாயிருக்கும்படிக்கு' என்று எழுதியிருக்கலாம். இன்றைய தமிழில் என்றால் 'பெற்றிருக்கும்படி'. 'இரு' சேர்ந்தவுடன் அந்தத் தொடர்ச்சி திரும்ப வந்துவிடுகிறது. 'அவனுக்கு ஜீவன் இருக்கும்படி' என்பது பேச்சுக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் 'கெட்டுப்போகாமல்' என்பதற்கு எழுவாய் 'அவன்', 'இருக்கும்படி'க்கு எழுவாய் 'ஜீவன்' என்று ஆகி, வாக்கியம் நடுவில் முறிந்துவிடும்.

அப்புறம், ஹினாவைக் கண்டவுடன் 'படி' போட்டுவிடக் கூடாது. யோவான் 9:2-இல் சீஷர்கள் கேட்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால், 'யார் பாவம் செய்தது, இவனா, இவனைப் பெற்றவர்களா, இவன் குருடனாய்ப் பிறக்கும்படி?' என்று வரும். குருட்டுப் பிள்ளை பிறக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு யாரும் பாவம் செய்வதில்லை. இங்கே ஹினா நோக்கத்தைச் சொல்லவில்லை, விளைவைச் சொல்கிறது. நான் வைத்துக்கொள்ளும் சோதனை இதுதான்: முன் வினையைச் செய்தவர் பின் வினையை மனதில் நினைத்துத்தான் செய்தாரா? ஆம் என்றால் 'படி' நிற்கும். இல்லை என்றால் வாக்கியத்தைக் கலைத்துக் கட்ட வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு அப்படித்தான் செய்தது: 'இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்'. ஹினாவுக்கு அங்கே தனியாக ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் கேள்வி முழுதாக வந்துவிட்டது.