டைம் ஜோன் – நேர வலயம்

ஒரே கடிகார நேரத்தை வைத்துக்கொள்ளும் நிலப்பகுதிதான் டைம் ஜோன். 'ஜோன்' என்பதன் மூலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை என்று பொருள். பூமியைச் சுற்றிய பட்டைகளுக்கும் அதே பெயர் வந்தது. தமிழில் நேர மண்டலம், நேர வலயம் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இரண்டுமே வடமொழி வழி வந்தவைதான். சுற்றி வளைப்பது என்ற பொருள் வலயத்தில் இன்னும் தெளிவாக இருப்பதால் என் ஓட்டு அதற்கே. தவிர, வடசென்னையில் மண்டலம் என்றால் மாநகராட்சியின் ராயபுரம் மண்டலம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் திட்டமிடுபவர்கள் இந்தச் சொல்லில்தான் இடறுகிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மார்ச் 20 காலை படம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடத்தின் ஆயத்தொலைவு ஏறத்தாழ வடக்கு 13.13, கிழக்கு 80.30. அதை இணையத்தில் கொடுத்துக் கேட்டால் சில சேவைகள் சூரிய உதயம் 12:43 AM என்று சொல்லும். நள்ளிரவில் உதயமா என்று பதற வேண்டாம், அது உலகப் பொது நேரமான UTC. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 6:13. சேவையில் வலயத்தைக் கேட்கும் இடம் இருந்தால் `Asia/Kolkata` என்று கொடுத்துவிடலாம். சென்னைக்கும் அதே பெயர்தான்.

ஆயத்தொலைவிலிருந்து வலயத்தைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாமே என்று தோன்றும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, 80.30-ஐ 15-ஆல் வகுத்தால் 5 மணி 21 நிமிடம் வரும். நம் கடிகாரமோ 5:30. காரணம், வலயம் என்பது அரசு போட்ட எல்லை. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. காசிமேடு அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே சுமார் 9 நிமிடம் பிந்தி வருகிறது. 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன் புழங்கிய 'மெட்ராஸ் டைம்' அந்த 5:21-ஐ ஒட்டியே ஓடியது. ஆகவே வலயத்தைக் கணக்கிடக் கூடாது, எல்லை வரைந்த பட்டியலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், 6:13 என்பது சூரியனின் மேல் விளிம்பு கடல்மட்டத்தில் தெரியும் நேரம். வெளிச்சம் அதற்கு 20 நிமிடம் முன்பே பரவிவிடும், விசைப்படகுகள் கருநிழலாகத் தெரிவதும் அப்போதுதான். ஐந்தரைக்கே அங்கே இருங்கள். மாலை அஸ்தமனம் 6:20 என்று வரும். ஆனால் மேற்கே ராயபுரத்துக் கட்டடங்கள் மறைப்பதால் நேரடி வெயில் அதற்கு முன்பே போய்விடும். சேவைகளின் கணக்கில் கட்டடங்கள் கிடையாது.