லாம்ப்டா 1.08: புகையே வராத கார் ஏன் டெஸ்ட்டில் தோற்றது?

குமுளியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பாதி லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறி வருபவை. மீதி வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் வண்டிகள். போன மாதம் ஏலக்காய் வியாபாரி ஒருவர் 2018 மாடல் பெட்ரோல் காரோடு வந்தார். கையில் புகைப் பரிசோதனைச் சீட்டு, முகத்தில் கடுப்பு.

“அண்ணே, சைலன்சர்ல வெள்ளைத் துணியைப் பிடிச்சாக்கூட கரி ஒட்டாது. டெஸ்ட் எடுத்த சேட்டன் ‘லாம்ப்டா கூடுதலா’ன்னு சொல்லி ஃபெயில் போட்டுட்டாரு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருக்கும், கழட்டிட்டு வெறும் பைப் வச்சிருங்கன்னு கூட்டாளி சொல்றான். என்னண்ணே செய்யலாம்?”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு 0.02 சதவீதம், ஹைட்ரோகார்பன் 18 பிபிஎம். இரண்டும் அருமையான அளவு. அவர் கார் பிஎஸ் 4. இந்த வகை பெட்ரோல் கார்களுக்கு எஞ்சினை 2,500 சுற்றுக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஓடவிட்டு எடுக்கும் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். இவருக்கு லாம்ப்டா 1.08. ஆக்சிஜன் 1.5 சதவீதம்.

லாம்ப்டா என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருந்தால் லாம்ப்டா 1. இவர் காரில் 8 சதவீதம் காற்று மிச்சம் என்று மெஷின் சொல்கிறது. காற்று மிச்சம் இருந்தால் நல்லதுதானே, பெட்ரோல் சுத்தமாக எரியுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் அந்தச் சீட்டில் இடமே இல்லாத மூன்றாவது வாயு ஒன்று உண்டு. லாம்ப்டாவுக்கு எல்லை வைத்திருப்பதில் பெரும்பங்கு அதற்காகத்தான்.

அது நைட்ரிக் ஆக்சைடு, NO. இது பெட்ரோலிலிருந்து வருவதில்லை. பெட்ரோலில் நைட்ரஜன் இல்லை என்றே சொல்லிவிடலாம். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதனோடும் சேராது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் சிலிண்டருக்குள் தீ பரவும்போது வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சில பிய்ந்து தனி அணுவாகித் திரியும். அந்தத் தனி ஆக்சிஜன் நைட்ரஜன் ஜோடியில் மோதி ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. தனியாக விடப்பட்ட நைட்ரஜன் சும்மா இருக்காது, இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து அதுவும் NO ஆகிறது:

```
N2 + O  → NO + N
N  + O2 → NO + O
```

இரண்டாவது வரியின் கடைசியில் மறுபடி ஒரு தனி ஆக்சிஜன் வருவதைப் பாருங்கள். அது போய் முதல் வரியைத் திரும்ப ஆரம்பித்து வைக்கும். இந்தச் சங்கிலியைக் கண்டு சொன்னவர் சோவியத் இயற்பியலாளர் ஸெல்டோவிச். ஏறக்குறைய 1,500 டிகிரிக்குக் கீழே இது மந்தமாகவே நடக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏற வேகம் தாறுமாறாகக் கூடும்.

சூடு தணிந்ததும் NO பழையபடி நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடாதா என்று கேட்கலாம். நேரம் கொடுத்தால் பெரும்பகுதி பிரியும். எஞ்சின் நேரம் கொடுப்பதில்லை. 2,500 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க 12 மில்லி விநாடிதான் ஆகிறது. அதற்குள் வாயு விரிந்து குளிர்ந்துவிடுவதால், சூட்டில் உண்டான NO அப்படியே உறைந்ததுபோல் நின்று சைலன்சர் பக்கம் போய்விடுகிறது. வெளியே வந்தபின் காற்றோடு கலந்து பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. நுரையீரலை எரிச்சலூட்டுவது அது. வெயிலில் ஓசோன் உண்டாகக் காரணமாவதும் அதுவே.

அதனால் NO-வின் குணம் மற்ற இரண்டுக்கும் நேர் எதிர். எரிதல் மோசமானால் கார்பன் மோனாக்சைடு கூடும். எரிதல் நன்றாக, சூடாக நடந்தால் NO கூடும். சூடும் வேண்டும், மிச்ச ஆக்சிஜனும் வேண்டும் என்பதால், தேவைக்கு மேல் 5 முதல் 10 சதவீதம் காற்று இருக்கும்போதுதான் எஞ்சினில் அது உச்சத்தில் இருக்கும். நான்கு பேரும் மூட்டையுமாகக் குமுளி மலைச்சாலையில் இரண்டாம் கியரில் இழுத்து ஏறும்போது சிலிண்டர் எப்படிக் கொதிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் புகை தெரியாது, மூக்குக்கும் பெரிதாக எட்டாது.

இதைக் கையாளத்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டை, அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மிகச் சிறு அளவில் பூசியிருக்கும். 250, 300 டிகிரி சூடாகும் வரை அது தூங்கும், பிறகு விழிக்கும். NO-வைப் பொறுத்தவரை முக்கியமான வேலை ரோடியத்துடையது:

```
2NO + 2CO → N2 + 2CO2
```

NO-வில் உள்ள ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடு உருவிக்கொள்கிறது. ஒரு விஷம் இன்னொரு விஷத்தைத் தீர்க்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே இடத்தில் வெறும் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால், கார்பன் மோனாக்சைடு அதைத்தான் எடுத்துக்கொள்ளும். கைக்கெட்டும் கிளையில் பழம் தொங்கும்போது யார் மரம் ஏறுவார்கள்? விளைவு, கார்பன் மோனாக்சைடு அருமையாக ஒழியும், ஹைட்ரோகார்பன் அருமையாக எரியும், NO மட்டும் தொடப்படாமல் அப்படியே வெளியேறும். லாம்ப்டா 1-ஐ விட்டுக் கொஞ்சம் மேலே நகர்ந்தாலே இது நடக்கும். கீழே இறங்கினால் NO ஒழியும், மற்ற இரண்டும் தங்கும். மூன்றையும் ஒருசேரப் பிடிக்கிற இடைவெளி மிகக் குறுகலானது. அதனால்தான் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊஞ்சலாடி, எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு நொடி சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஆக வியாபாரியின் சீட்டில் 0.02 என்ற அழகான எண்ணும் 1.08 என்ற கெட்ட எண்ணும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. கன்வெர்ட்டர் சாகவில்லை. செத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு கீழே வந்திருக்காது. அதைக் கழற்றினாலும் லாம்ப்டா மாறாது, ஏனென்றால் லாம்ப்டா மொத்த வாயுவின் கூட்டிக் கழித்த கணக்கு. கன்வெர்ட்டர் அணுக்களை இடம் மாற்றுமே தவிர, கூட்டவோ குறைக்கவோ செய்யாது. கூட்டாளியின் யோசனைப்படி செய்திருந்தால் பாஸாகியிருந்த இரண்டும் சேர்ந்து ஃபெயிலாகியிருக்கும்.

அப்படியானால் மிச்சக் காற்று எங்கிருந்து வந்தது? ஸ்கேனரை மாட்டினேன். முன் சென்சார் ஒழுங்காக ஆடியது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற திருத்த அளவும் சாதாரணம். அதாவது எஞ்சினிலிருந்து வாயு சரியான கணக்கோடுதான் புறப்படுகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் நல்ல வண்டியில் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். இதில் 0.1-லேயே படுத்துக் கிடந்தது. வோல்ட் இப்படிக் குறைந்தால் வாயுவில் ஆக்சிஜன் மிச்சம், அதாவது நடுவழியில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். பின் சென்சார் சரியாக 0.65 காட்டி, சீட்டில் மட்டும் லாம்ப்டா கூடியிருந்தால் ஓட்டை பின்னால் சைலன்சரில் என்று முடிவு செய்திருப்பேன். அது அளவைக் குழப்புமே தவிர NO-வைக் கூட்டாது. மெக்கானிக்குகள் பலர் இந்த வித்தியாசம் பார்க்காமல் நேராகக் கன்வெர்ட்டர் விலையைச் சொல்லிவிடுவதுதான் எனக்கு ஆகாத விஷயம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பையன் சைலன்சர் வாயில் ஈரத்துணியை அழுத்த, நான் கீழே சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். முன் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே, பின்னல் கம்பி உறை போட்ட பெல்லோஸ் குழாயில் நுரை கொப்பளித்தது. கல் ஏதோ அடித்திருக்கிறது. விரல் நகம் நீளத்துக்கு விரிசல்.

“ஏத்தத்துல ‘புஸ்சு புஸ்சு’ன்னு ஒரு சத்தம் வரும்ணே. டயர்னு நெனச்சேன்” என்றார்.

ஓட்டை வழியாக வாயு வெளியே வருமே, காற்று எப்படி உள்ளே போகும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. புகைக்குழாயில் வாயு சீராக ஓடுவதில்லை, விட்டுவிட்டு உந்தலாகப் போகிறது. ஒவ்வொரு உந்தலுக்கும் பின்னால் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் ஒரு கணம் உண்டு. அப்போது ஓட்டை காற்றை உறிஞ்சும். சும்மா ஓடும்போதும் லேசாக ஓட்டும்போதும் இப்படி. மலை ஏறும்போது உள்ளழுத்தம் அதிகம் என்பதால் நிலைமை தலைகீழ்: கன்வெர்ட்டரைப் பார்க்காமலே NO வாயு அந்த விரிசல் வழியாக நேரே வெளியே போகும். அவர் கேட்ட சத்தம் அதுதான்.

பெல்லோஸை அறுத்தெடுத்துப் புதியது வைத்து வெல்டிங் செய்தோம். எங்களிடம் ஐந்து வாயு காட்டும் மெஷின் இருப்பதால் முன்னும் பின்னும் பார்த்து வைத்தேன். அதே 2,500 சுற்றில் முன்பு NO 240 பிபிஎம், பிறகு 15. ஆக்சிஜன் 1.5 சதவீதத்திலிருந்து 0.1-க்கு இறங்கியது. லாம்ப்டா 1.00. கார்பன் மோனாக்சைடு 0.02-லிருந்து 0.05 ஆகக் கூடியதைப் பார்த்து அவர் பதறினார். எல்லை 0.2 என்று காட்டினேன். அந்த மிச்சம்தான் NO-வின் ஆக்சிஜனை உருவுகிற ஆள் கன்வெர்ட்டருக்குள் இருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

மறுநாள் பாஸான சீட்டோடு வந்து இன்னொன்று கேட்டார்: “தோட்டத்துக்கு ஆள் ஏத்துற நம்ம டீசல் ஜீப்புக்கும் இதே மாதிரி பாக்கலாமாண்ணே?”

பார்க்க முடியாது. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் ஓடும். இவர் காரில் விரிசலால் வந்த நிலைமை அங்கே பிறவியிலேயே உண்டு. அதனால் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற பெட்ரோல் கன்வெர்ட்டர் அங்கே NO-வை ஒன்றும் செய்யாது. பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றில் 32.5 சதவீத யூரியாக் கரைசலைப் புகையில் பீய்ச்சி, அதிலிருந்து வரும் அம்மோனியாவைக் கொண்டு NO-வை உடைக்கிறார்கள். அவருடைய பழைய ஜீப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்து எடுக்கும் டீசல் சோதனையில் அளப்பதும் புகையின் கறுப்பை மட்டும்தான். அந்தச் சீட்டில் லாம்ப்டா வரிகூட இல்லை.